அலுமாரிக்கு மேலே போன சாரம்

வாசகர் கடிதம்

"என்ர மகளுக்கு ஆறு வயது. தரம் ஒன்று. மூன்று மாதத்துக்கு முதல் நானும் அவரும் பிரிந்துவிட்டோம். நானும் மகளும் கொக்குவிலில் அம்மாவோட. அவர் சாவகச்சேரியில தன்ர தாய் தகப்பனோட. சனிக்கிழமை காலமை கூட்டிக்கொண்டு போய், ஞாயிறு இரவு எட்டு மணிபோலக் கொண்டுவந்து விடுவார். 'அப்பப்பாவுக்குச் சுகமில்லை, அதுதான் அப்பா அங்க நிற்கிறார்' என்று பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறோம். போனகிழமை அவள் அப்பப்பாவின்ர காலுக்கு எண்ணெய் பூசிவிட்டவளாம்.

அவர் விட்டுப்போன பழைய நீலச் சாரம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் படுப்பாள். அது தகப்பனைத்தான் நினைப்பூட்டும் என்று எடுத்து அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டேன். அன்றிலிருந்து இரவில எழும்பி அழுகிறாள். மூன்று வயதில நின்ற படுக்கை நனைக்கிற பழக்கம் திரும்ப வந்துவிட்டது, கூடுதலாக ஞாயிறு இரவுகளில. ரொறன்ரோவில இருக்கிற தம்பி அவளளவு உயரமான கரடிப் பொம்மை அனுப்பினான். தொடக்கூட இல்லை. அம்மா கோயிலில நூல் கட்டுவிப்பம் என்கிறா. மனதை மாற்ற என்ன பரிசு வாங்கிக் கொடுக்கலாம்? சைக்கிள் வாங்கலாமா? அவள் தெளியும் வரைக்கும் தகப்பனிடம் அனுப்பாமல் விடலாமா?"

பதில்

அன்புத் தங்கைக்கு,

முதலில் கதிரையொன்றைப் போட்டு ஏறி அந்தச் சாரத்தை எடுங்கள். நீங்கள் தேடுகிற பரிசு அதுதான்.

இங்கிலாந்தில் குழந்தை மருத்துவராக இருந்த டொனால்ட் வினிகொட் 1951இல் இந்த விஷயத்தைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். குழந்தைகள் ஏன் ஒரு குறிப்பிட்ட துணியை, ஒரு குறிப்பிட்ட பொம்மையை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள் என்று அவர் கவனித்திருந்தார். தாய் பக்கத்தில் இல்லாத நேரத்திலும் தாயின் ஆறுதலைக் கையில் வைத்திருக்கக் குழந்தை கண்டுபிடிக்கிற வழி அது. வழக்கமாக இது கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்கித் தானாகவே தேய்ந்துபோகும். ஆனால், எதையோ இழக்கப்போகிறோம் என்ற பயம் வந்தால் பெரிய பிள்ளையும் மறுபடி அப்படியொன்றைத் தேடும். உங்கள் மகள் இப்போது செய்வது அதைத்தான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளே தனக்கொரு மருந்தைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

சாரம் தகப்பனை நினைப்பூட்டும் என்று நீங்கள் நினைத்தது பிழையில்லை. நினைப்பூட்டினால் அவள் கலங்குவாள் என்று நினைத்ததுதான் பிழை. தகப்பன் வீட்டில் இல்லை என்பது சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். சாரம் கையில் இருந்தபோது அழாமல் நித்திரைகொண்டவள், அதை எடுத்தபிறகுதான் எழும்பி அழுகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கரடியில் யாருடைய மணமும் இல்லை, அதனோடு படுத்த இரவொன்றும் அவளுக்கு இல்லை. அதை ஒரு மூலையில் இருத்திவிடுங்கள். "மாமா ஆசையாய் அனுப்பினவர், அணைச்சுக்கொண்டு படு" என்று வற்புறுத்த வேண்டாம். ஒரு பின்னேரம் அவளே அதன் மடியில் ஏறி இருக்கக்கூடும். சைக்கிள் நல்ல சாமான்தான், பிறந்தநாளுக்கு வாங்குங்கள். இரவு இரண்டு மணிக்கு விழிக்கிற பிள்ளைக்குச் சைக்கிளால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

சாரத்தை ஒளித்துவைத்துத் தலையணைக்குக் கீழே திடீரென்று கண்டெடுக்கவைக்கிற விளையாட்டு வேண்டாம். பகலில், அவள் விளையாடிக்கொண்டிருக்கும்போது கையில் கொடுங்கள். "இதை எடுத்து மேலே வச்சது நான்தான். அப்பிடிச் செய்திருக்கக் கூடாது. இது உன்ர. இனி உன்னைக் கேக்காமல் ஒருத்தரும் எடுக்க மாட்டினம்." இவ்வளவும் போதும். அவள் கோபப்பட்டால் படட்டும். இந்த மூன்று மாதத்தில் அவளைக் கேட்டு நடந்தது ஒன்றுமில்லை. அவள் சொல்வதுதான் முடிவு என்று ஒரு பொருளாவது வீட்டில் இருக்க வேண்டும்.

இரண்டு வீட்டுக்கும் போய்வருகிற துணி

சாரத்தோடு ஒரு சிக்கல் உண்டு. அது பெரியது, ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பஸ்ஸில் மறந்தால், சாவகச்சேரியில் விட்டுவந்தால், அந்த இரவு உங்களுக்கும் அவளுக்கும் பெரும்பாடாகிவிடும். அதனால் அவளிடம் கேட்டுப் பாருங்கள்: "இதில ஒரு கரையில ஒரு முழம் வெட்டி, உனக்குக் கொண்டுதிரிய ஒரு சின்னத் துண்டு தைச்சுத் தரட்டா?" அவள் ஓம் என்றால் மட்டும் கத்தரிக்கோலை எடுங்கள். வேண்டாம் என்றால் அந்தக் கதையை அத்தோடு விட்டுவிடுங்கள், அடுத்த மாதம் கேட்கலாம்.

ஓம் என்றால், ஓரம் மடித்துத் தையுங்கள், நூல் பிரியாமல் இருக்க வேண்டும். அதே அளவில் உங்களுடைய பழைய பருத்திச் சேலையில், பலமுறை தோய்த்து மெத்தென்று ஆனதில், ஒரு துண்டு வெட்டுங்கள். இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்து நான்கு பக்கமும் தைத்துவிடலாம். ஒரு பக்கம் நீலக் கட்டம், மறுபக்கம் உங்கள் சேலை. உள்ளே பஞ்சு வேண்டாம், பொத்தான், மணி வேண்டாம். கைக்குட்டைபோல மடித்துப் புத்தகப் பையின் சின்ன அறைக்குள் வைக்கக்கூடிய அளவு போதும். தையல் மெஷின் இருந்தால் அரை மணித்தியால வேலை, அவளையும் பக்கத்தில் இருத்தித் தைத்தால் இன்னும் நல்லது. இதேபோல இரண்டாவது ஒன்றையும் தைத்து, அதையும் சில இரவுகள் அவளுடைய படுக்கையில் போட்டு எடுத்து வையுங்கள். ஒன்று துலைந்தால் புதுத்துணி மணக்கிற ஒன்றை அவள் ஏற்கமாட்டாள். மிச்சச் சாரம் உங்கள் வீட்டுப் படுக்கையிலேயே இருக்கட்டும்.

அந்தத் துண்டில் உங்கள் சேலையும் இருப்பதற்குக் காரணம் உண்டு. கொக்குவிலில் இருக்கும்போது அவளுக்கு அப்பாவின் நினைவு, சாவகச்சேரியில் இருக்கும்போது உங்கள் நினைவு. ஒரு பக்கத்தை மட்டும் கொண்டுபோனால், மற்றவர் வீட்டில் அதை ஒளிக்க வேண்டும் என்று பிள்ளை தானாகவே ஊகித்துக்கொள்ளும். சாவகச்சேரியில் யாராவது "ஏன் இந்தப் பழந்துணியைக் காவித்திரியிறாய்" என்று கேட்கக்கூடும். ஆகவே அவருக்கு முதலே ஒரு செய்தி அனுப்புங்கள்: "பிள்ளை உங்கட நீலச் சாரத்தில ஒரு துண்டும் என்ர சேலையில ஒரு துண்டும் சேர்த்துத் தைச்சது கொண்டுவருவாள். அதோட படுத்தால் நல்லா நித்திரை கொள்ளுவாள். ஞாயிறு திரும்பேக்க பையில இருக்குதோ என்று பார்த்துவிடுங்கோ." பராமரிப்புக் காசு, வழக்கு, உங்கள் மாமியார் சொன்ன சொல், ஒன்றும் அந்தச் செய்திக்குள் வரக்கூடாது.

இன்னுமொன்று. அந்தத் துணியை எக்காரணத்துக்காகவும் தண்டனையாகப் பறிக்காதீர்கள். "வீட்டுப்பாடம் செய்யாட்டித் தரமாட்டன்" என்று ஒருமுறை சொன்னாலும் போதும், அதன் வேலை முடிந்துவிடும்.

அப்பப்பாவின் கால்

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது சாரமில்லை, அந்த எண்ணெய்தான். அப்பப்பாவுக்குச் சுகமானால் அப்பா வீட்டுக்கு வருவார் என்று நீங்கள் சொன்னதிலிருந்து அவளே எடுத்துக்கொண்டு, தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறாள். ஆறு வயதில் பிள்ளைகள் தாங்கள் செய்வதாலும் நினைப்பதாலும் பெரிய காரியங்கள் நடக்கும், நடக்காமல் போகும் என்று நம்புவார்கள். அவர் வராவிட்டால் 'நான் வடிவாய்ப் பூசவில்லை' என்றுதான் கணக்குப் போடுவாள். நல்லெண்ணத்தில் சொன்ன பொய்தான். ஆனால் அது அவளுடைய தோளில் ஒரு வேலையை ஏற்றிவிட்டது.

இரண்டு பேரும் சேர்ந்து உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை காலமை அவர் கூட்டிப்போக வரும்போது விறாந்தையில் பத்து நிமிஷம் இருந்தால் போதும். அவர் வராவிட்டால், இருவரும் ஒரே வசனங்களைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். நான் இப்படிச் சொல்வேன்: "அப்பாவும் அம்மாவும் இனி வேற வேற வீட்டிலதான் இருப்பம். இது பெரிய ஆக்கள் எடுத்த முடிவு. நீ செய்த ஒன்றாலும் இது நடக்கேல்லை, நீ ஏதும் செய்தும் இதை மாத்தேலாது. அப்பப்பாவின்ர சுகத்தாலும் இல்லை, நாங்கள் உனக்குப் பிழையாச் சொல்லிப்போட்டம். நீ ரெண்டு பேருக்கும் பிள்ளைதான், சனிக்கிழமை அப்பாவோட, மற்ற நாள் அம்மாவோட." யார் பிழை விட்டது, ஏன் பிரிந்தோம் என்பது இந்தப் பேச்சுக்குள் இல்லை. 'கொஞ்ச நாளைக்குத்தான்' என்ற சொல்லும் வேண்டாம். அது உண்மையில்லையென்றால் அவள் அந்தக் கொஞ்ச நாளை எண்ணத் தொடங்கிவிடுவாள். இதே கேள்வியை அவள் இருபது தடவை திரும்பக் கேட்பாள். விளங்காமல் கேட்பதாக நினைக்க வேண்டாம், பதில் மாறுகிறதா என்று பார்க்கிறாள். மாறாமல் சொல்லுங்கள்.

நூல் கட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. அம்மம்மாவோடு கோயிலுக்குப் போய்வருவதும் பிள்ளைக்கு ஒரு தெம்புதான். "பயந்துபோனாய், ஏதோ பட்டிட்டுது" என்று மட்டும் அவளுடைய காதில் விழச் சொல்ல வேண்டாம். தனக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்ற புதுப் பயம் ஒன்றையும் அவள் சுமக்கத் தேவையில்லை.

படுக்கைக்கு முந்திய முப்பது நிமிஷம்

இரண்டு வீட்டிலும் ஒரே சட்டம், ஒரே சாப்பாடு, ஒரே நேரம் என்று ஆசைப்படாதீர்கள், நடக்காது. அங்கே ரீவி பார்க்கவிடுவார்கள், ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுப்பார்கள். அதற்கெல்லாம் சண்டை பிடித்தால் முக்கியமானதைக் கேட்க வாய் இருக்காது. அவரிடம் கேட்க வேண்டியது படுக்கைக்கு முந்திய அரை மணித்தியாலம் மட்டும் இரண்டு வீட்டிலும் ஒரே வரிசையில் போகவேண்டும் என்பது. சின்னப் பிள்ளைக்கு மணிக்கூடு விளங்காது, வரிசை விளங்கும். இதற்குப் பிறகு இது, அதற்குப் பிறகு நித்திரை என்று தெரிந்தால், எந்த வீட்டுக் கூரைக்குக் கீழே என்பது சற்றுச் சின்ன விஷயமாகிவிடும்.

வரிசை நீளமாக இருக்கத் தேவையில்லை. ஏழரைக்கு முகம் கைகால் கழுவிப் பல் தீட்டி உடுப்பு மாற்றுதல். பிறகு சலம் கழித்தல். பிறகு நுளம்பு வலைக்குள்ளே ஒரே ஒரு கதை, நாளைக்கும் அதே கதையைக் கேட்டால் அதையே சொல்லுங்கள். பிறகு துணி கையில். கடைசியாக ஒரே வசனம், உதாரணமாக "நாளைக்குக் காலமை இங்கதான் எழும்புவாய், நான் குசினியில இருப்பன்." அங்கே அவர் "நான் விறாந்தையில இருப்பன்" என்று சொல்லட்டும். விழித்ததும் தேட வேண்டிய ஆள் எங்கே என்று தெரிந்துகொண்டு படுப்பதுதான் இதில் பெரிய ஆறுதல். இந்த ஐந்தையும் அரைத்தாளில் எழுதி, அவளைக்கொண்டு படம் கீறுவித்து, ஒரு பிரதியை அங்கேயும் சுவரில் ஒட்டக் கொடுங்கள்.

தகப்பனோடு போனில் கதைப்பது இந்த அரை மணித்தியாலத்துக்குள் வரவேண்டாம். படுக்கும் நேரத்தில் குரல் கேட்டால், வைத்ததும் அழுகை. பின்னேரம் ஆறரைக்கு, விளையாட்டு முடிந்ததும், ஐந்து நிமிஷம் என்று வையுங்கள். அவளுக்குக் கதைக்க விருப்பமில்லாத நாளில் விட்டுவிடுங்கள்.

நாட்காட்டி ஒன்றும் வேண்டும். பெரிய சதுரங்கள் உள்ள சுவர்க் கலண்டர் போதும். அப்பா வீட்டில் படுக்கிற இரவுகளை அவளே நீலத்தில் நிறந்தீட்டட்டும், மற்றதை அவளுக்குப் பிடித்த நிறத்தில். காலமை எழும்பியதும் ஒரு சதுரத்தை வெட்டிவிட்டு, 'இண்டைக்கு எங்க படுக்கிறன்' என்று அவளே சொல்ல வேண்டும். போயா, கோயில் திருவிழா என்று திட்டம் மாறினால், முதல்நாளே அவளைக்கொண்டு கலண்டரில் மாற்றுவியுங்கள்.

ஞாயிறு இரவு நனைவது

ஞாயிறுகளில் நனைக்கிறாள் என்பதை வைத்துத் தகப்பன் வீடு அவளுக்கு ஒத்துவரவில்லை என்று முடிவெடுக்கத் தோன்றும். அந்த வீட்டில் அவளை அடிக்கிறார்கள், பயமுறுத்துகிறார்கள் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் அது வேறு கதை, அப்போது அனுப்பாமல் உடனே உதவி தேடுங்கள். சிறுவர்களுக்கான 1929 இலக்கத்துக்கு எங்கிருந்தும் எடுக்கலாம். உங்கள் கடிதத்தில் அப்படியொரு சாடையும் எனக்குத் தெரியவில்லை. தெரிவது இதுதான்: இரவு எட்டு மணிக்கு வந்து இறங்குகிறாள், அரை நித்திரையில் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு மாறுகிறாள், அடுத்தநாள் பள்ளிக்கூடம். வரிசைக்கு நேரமே இல்லை. வழியில் தேத்தண்ணியும் குடித்திருப்பாள்.

அவரைப் பின்னேரம் நாலரைக்குக் கொண்டுவந்து விடச்சொல்லிக் கேளுங்கள். வந்ததும் "என்ன சாப்பிட்டாய், ஆர் வந்தது, அப்பா என்ன சொன்னவர்" என்று விசாரணை வேண்டாம். கிணத்தடியில் குளிக்க வார்த்து, அவள் பாட்டில் ஒரு மணித்தியாலம் விளையாடவிடுங்கள். ஞாயிறு பின்னேரம் ரியூஷன், வீட்டுப்பாடம் ஒன்றும் வையாதீர்கள். படலையடியில் நீங்களும் அவரும் பரிமாறுகிற கதை இரண்டு நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது, காசுக்கணக்கை வேறு நாளில் பேசுங்கள்.

சந்திப்பை நீங்களாக நிறுத்தினால் இரண்டு ஆபத்து. பிள்ளை, 'நான் நனைச்சதாலதான் அப்பா வரேல்லை' என்று எடுத்துக்கொள்வாள். நாளைக்கு மாவட்ட நீதிமன்றத்தில் பிள்ளையின் பொறுப்பு பற்றிய கேள்வி வந்தால், அங்கே முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. காரணமில்லாமல் தகப்பனைத் தடுத்தது உங்களுக்கு உதவாது. சட்டப் பக்கத்துக்கு யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள், அது என் வேலையில்லை.

ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திரும்ப நனைக்கத் தொடங்கினால், மனக்கவலை என்று நாங்களே முடிவுகட்டக் கூடாது. ஒரு சலப் பரிசோதனை செய்வியுங்கள். சலம் போகும்போது எரிவு, காய்ச்சல், மலச்சிக்கல் இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் விடாய் கூடி, அடிக்கடி சலம் போய், மெலிந்தும் வருகிறாளென்றால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள், அது நீரிழிவாகவும் இருக்கலாம். இவையொன்றும் இல்லையென்றால், மெத்தைக்கு மேலே றபர் விரிப்பு, பக்கத்தில் மாற்று உடுப்பு, ஏச்சில்லாமல் மாற்றிவிட்டுத் திரும்பப் படுக்கவைத்தல், அவ்வளவுதான். அம்மம்மாவிடமும் சொல்லிவையுங்கள், அடுத்த வீட்டு ஆட்களுக்கு முன்னால் இந்தக் கதை வேண்டாம்.

கலண்டரின் பின்பக்கத்தில் நனைந்த இரவுகளையும் அழுத இரவுகளையும் நீங்கள் மட்டும் குறித்துவாருங்கள். உண்மையைச் சொன்ன கிழமை அழுகை கூடலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆறு கிழமைக்குப் பிறகும் குறையவில்லையென்றால், அல்லது சாப்பாட்டை விடுகிறாள், பள்ளிக்கூடம் போக மறுக்கிறாள், 'நான் இல்லாட்டி நல்லம்' என்பதுபோல ஏதும் சொல்கிறாள் என்றால், யாழ் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். கடைசியாகச் சொன்னது ஒருமுறை கேட்டாலும் ஆறு கிழமை காத்திருக்கக் கூடாது. நீங்களும் பேச ஆள் தேவைப்பட்டால் மனநல உதவிக்கான 1926 இலக்கம் இருக்கிறது. மூன்று மாதமாக நீங்களும் நித்திரையில்லாமல்தான் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

துணியைத் தோய்ப்பது பற்றி

இதை யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் நான் ஒருமுறை இதில் பிழை விட்டிருக்கிறேன். சில வருஷத்துக்கு முதல் ஒரு தாய் ஐந்து வயது மகனைக் கூட்டிவந்தா. அவன் ஒரு துவாயைக் காவித்திரிந்தான், புளித்த மணம். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்றா. நல்லாத் தோய்த்துவிடுங்கோ என்று நானும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவன் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் அந்தத் தாய் வாசச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, மடித்து வைத்துவிட்டா. வந்து எடுத்து முகர்ந்தவன் அதைத் தூக்கி எறிந்தானாம். பிறகு அதைத் தொடவேயில்லை. பழைய மணம் போனதும் அது அவனுக்கு வெறும் துவாயாகிவிட்டது.

உங்கள் மகளுடைய துணியும் ஒரு நாளைக்கு மணக்கத்தான் செய்யும். தோய்க்கும் நாளை அவளே கலண்டரில் குறிக்கட்டும், வெள்ளியும் ஞாயிறும் வேண்டாம், வீடு மாறுகிற நேரம் அது. இருக்கிற இரண்டில் ஒன்றை மட்டும் தோயுங்கள், மற்றது அவள் கையில் இருக்க. வாசமில்லாத சவர்க்காரம் கொஞ்சம், அவளும் கூட நின்று அலசட்டும். காலமை கொடியில் போட்டால் நம்மூர் வெயிலுக்கு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். அன்றிரவு இரண்டையும் ஒன்றாக அவளுடைய தலையணையில் வையுங்கள், விடியும்போது தோய்த்ததிலும் பழைய மணம் ஏறத் தொடங்கியிருக்கும்.